இடித்துக் கட்டச் சொல்லலாமா?

முன்பின் தெரியாத ஒருவரின் கடைக்குள் நுழைந்து, “உங்கள் கடை சரியில்லை, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், வேலையை எங்களிடமே கொடுங்கள்” என்று சொல்ல நம்மில் யாருக்கும் வாய் வராது. மின்னஞ்சலில் மட்டும் அதைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறோம். கோயம்புத்தூரில் ஆறு பேர் சேர்ந்து நடத்தும் மென்பொருள் நிறுவனம் எங்களுடையது. வெளிநாட்டுச் சிறு வணிகர்களுக்கு ஆன்லைன் கடை கட்டிக் கொடுப்பதும், கட்டியதைப் பழுது பார்ப்பதும் பிழைப்பு. விளம்பரம் செய்யக் காசு கிடையாது. தெரிந்தவர் சொல்லி வரும் வேலை எல்லா மாதமும் வராது. ஆகவே, கேட்காதவருக்கு நாமாக எழுதித்தான் வேலை தேட வேண்டியிருக்கிறது. கோல்ட் மெயில் என்பார்கள். அழைக்காத இடத்துக்குப் போய் எவ்வளவு பேசலாம், வயிற்றுப்பாட்டை முன்னிட்டு அதில் எவ்வளவு ஊதிச் சொல்லலாம் என்ற கேள்வி, அதை எழுத உட்காரும் ஒவ்வொரு முறையும் எழத்தான் செய்கிறது.

இந்தத் தொழிலில் வழக்கமாகப் போகும் அஞ்சல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நாங்கள் முன்னணி நிறுவனம், எங்களிடம் இருநூறு நிபுணர்கள், உங்கள் தளத்தில் பல பிழைகளைக் கண்டோம், அறிக்கை அனுப்பட்டுமா? கீழே டேவிட் என்றோ மைக்கேல் என்றோ ஒரு கையெழுத்து. தலைப்பில் “Re:” என்று போட்டு, ஏற்கெனவே கடிதப் போக்குவரத்து நடந்ததுபோல ஒரு பாவனை. பல பிழைகள் என்கிறாரே தவிர, எந்தப் பிழை என்று சொல்வதில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் தளத்தை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். இதே வரிகள் அன்று ஆயிரம் கடைகளுக்குப் போயிருக்கும்.

ஏமாற்றும் தலைப்பு போடக் கூடாது, அனுப்புகிறவரின் தபால் முகவரி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2003-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஜெர்மனியில் முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் ஒரு நிறுவனத்துக்குக்கூட விளம்பர அஞ்சல் அனுப்ப முடியாது. பிரிட்டனில் லிமிடெட் கம்பெனிக்கு எழுதலாம். தனி ஆள் தன் பெயரில் நடத்தும் கடைக்கு எழுத வேண்டுமானால் சம்மதம் வேண்டும். அதனால் நாங்கள் ஜெர்மனிப் பக்கமே போவதில்லை. சட்டம் நம்மை எட்டிப் பிடிக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் பிடிக்காதுதான். ஆனால் ஒருவருடைய ஊர் வழக்கத்தை மதிக்காமல் அவரிடமே வேலை கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

ஒருமுறை நாங்கள் எழுத நினைத்தது வட இங்கிலாந்தில் பின்னல் நூல் விற்கும் ஒரு கடைக்கு. கம்பளி நூல் உருண்டைகளை வாங்கி வீட்டில் ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள். கடை லிமிடெட் கம்பெனியாகப் பதிவானது. தளம் வேர்ட்பிரஸ்ஸின் மேல் வூகாமர்ஸ் போட்டுக் கட்டியது. பார்த்தவுடன் பழைய தளம் என்று தெரிந்தது. இடித்துவிட்டு ஷாப்பிஃபையில் புதிதாகக் கட்டலாம் என்று சொல்ல எங்களுக்குக் கை அரித்தது. முழுக் கட்டுமானம் என்றால் எங்கள் கணக்கில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் பவுண்டு. ஆறு குடும்பங்களுக்குச் சில மாதம் கவலையில்லை.

சொல்வதற்கு முன் ஒரு நாள் அந்தக் கடையில் வாடிக்கையாளராக உட்கார்ந்து பார்ப்பது எங்கள் பழக்கம். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்ப்போம். நிர்வாகப் பக்கத்தைத் தட்டிப் பார்ப்பது, ஓட்டை தேடும் கருவியை ஓடவிடுவது எல்லாம் அனுமதி இல்லாமல் செய்யக் கூடாதவை. அந்த நாட்டில் அது குற்ற வழக்கு வரை போகும்.

முதலில் கண்ணில் பட்டது படங்கள். போனில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் மேலே வரும் படம் மூன்று எம்பிக்கு மேல் இருந்தது, கேமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றியிருந்தார்கள். உண்மையான வாடிக்கையாளர்களின் அனுபவத்தைக் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் காட்டும். பக்கத்தின் பெரிய பகுதி கண்ணுக்குத் தெரிய எடுக்கும் நேரம், வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு 2.5 விநாடிக்குள் இருந்தால் நல்லது என்பது அதன் அளவுகோல். இந்தக் கடைக்கு அது ஐந்து விநாடியைத் தாண்டியிருந்தது. அந்தப் படத்தை நாங்களே இறக்கி, போன் திரைக்கு வேண்டிய அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி வடிவத்தில் சேமித்துப் பார்த்தோம். நூறு கேபிக்குள் அடங்கிவிட்டது. நூலின் முறுக்கும் நிறமும் கெடவில்லை.

அடுத்தது தேடல். நூலின் பருமனை ஃபோர் ப்ளை, டிகே என்றெல்லாம் சொல்வார்கள். கடையில் பெயர்கள் “4 ply” என்று இடைவெளி விட்டு இருந்தன. பின்னுகிறவர்களில் பலர் “4ply” என்று சேர்த்துத்தான் அடிப்பார்கள். அப்படி அடித்தால் ஒன்றுமே இல்லை என்றது தளம். கடை நிறையச் சரக்கு இருந்தும் தேடியவர் திரும்பிப் போய்விடுவார்.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது எங்களில் இளையவன். திருப்பூர்க்காரன், அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு நிறத்துக்கும் ‘கையிருப்பு 14’ என்பதுபோலத் தளம் காட்டியது. டெலிவரி விவரப் பக்கத்தின் அடியில், ஒரே சாய லாட் வேண்டுமானால் வாங்குமுன் தொலைபேசியில் கேளுங்கள் என்று ஒரு குறிப்பு. அவன் அதைப் படித்துவிட்டுச் சொன்னான்: “அண்ணா, லாட் மாறிருச்சுன்னா பாடி ஒரு கலரு, கை ஒரு கலருங்க. பதினாலுல ஒம்பது ஒரு லாட்டு, அஞ்சு இன்னொரு லாட்டுன்னா என்ன பண்ணுவாங்க?”

அதேதான் நடக்கும். ஒரே நிறம், ஒரே எண் என்றாலும் ஒவ்வொரு முறை சாயம் ஏற்றும்போதும் நூலிழை அளவு வித்தியாசம் வரும். தனித்தனி உருண்டையாகப் பார்த்தால் தெரியாது. பின்னி முடித்தபின் நடுவே கோடு போட்டதுபோல் தெரியும். ஸ்வெட்டருக்குப் பத்து உருண்டை வேண்டும் என்று ஒரு பெண்மணி ஆர்டர் போட்டால், பதினாலு இருக்கிறது என்று தளம் எடுத்துக்கொள்ளும். அலமாரியில் எந்த லாட்டிலும் பத்து இல்லை. பெட்டி கட்டுகிறவர் கலந்து அனுப்ப வேண்டும், அல்லது போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். லாட் எண் கடைக்காரருக்குத் தெரியும். ஆனால் தளத்துக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்த மூன்றில் எதற்காவது கடையை இடிக்க வேண்டுமா? வேண்டாம். படங்களைச் சுருக்குவதும் தேடலைத் திருத்துவதும் சில நாள் வேலை. லாட்டைக்கூட வூகாமர்ஸிலேயே செய்யலாம். நிறத்துக்குக் கீழே ஒவ்வொரு லாட்டையும் தனி வகையாகப் போட்டு, கையிருப்பை அதன் பேரில் வைத்துவிட்டால் போதும். ஒன்றிரண்டு உருண்டை வாங்குகிறவரிடம் லாட் கேட்டுக் குழப்பக் கூடாது என்பதால், அவருக்கு மிச்சம் குறைவாக உள்ள லாட்டிலிருந்து தானாகப் போகும்படி ஒரு விதி எழுத வேண்டும். புதுச் சரக்கு வரும்போதெல்லாம் கடையில் ஒருவர் லாட் எண்ணைப் பதிய வேண்டிவரும். அந்த உழைப்பை நாம் மிச்சப்படுத்தித் தர முடியாது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இடித்துக் கட்டினால் வேறொரு ஆபத்தும் உண்டு. வூகாமர்ஸ் கடையில் பொருளின் முகவரி வழக்கமாகக் கீழே முதல் வரிபோல இருக்கும். ஷாப்பிஃபைக்குப் போனால் இரண்டாவது வரிபோல ஆகிவிடும்:

```
/product/merino-dk-blue/
/products/merino-dk-blue
```

ஒரே ஓர் எழுத்து கூடுகிறது. பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ஏற்பாட்டை ஒவ்வொரு பக்கத்துக்கும் செய்யாவிட்டால், கூகுளில் பல வருடமாகச் சம்பாதித்த இடமும், பின்னல் குழுக்களில் யார் யாரோ பகிர்ந்த இணைப்புகளும் ‘பக்கம் இல்லை’ என்று போய் நிற்கும். திறப்பு விழா அன்று தளம் பளபளவென்று இருக்கும். சில வாரம் கழித்துத்தான் ஆர்டர் குறைவது தெரியும், காரணம் அப்போதும் பிடிபடாது. இதைச் சொல்லாமல் கட்டுமானத்தை மட்டும் விற்பது, என் பார்வையில், பொய் சொல்வதுதான்.

என் கூட்டாளி ஒப்புக்கொள்ளவில்லை. “உள்ளதைச் சொல்லிட்டா அவங்க ஊர்லயே ஒரு பையனை வச்சு முடிச்சுக்குவாங்க. நமக்கு என்ன மிஞ்சும்?” என்றார். நியாயமான பயம். கண்டுபிடிப்பை முழுக்க எழுதிவிட்டால் இலவசமாகக் கொடுத்ததாகத்தான் ஆகும். நான் சொன்னது இவ்வளவுதான்: கடை நடத்தும் அம்மாவின் நேரத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம், அதற்கு ஈடாக எதையாவது வைத்துவிட்டு வர வேண்டும். வேறு ஆளை வைத்து முடித்தால் முடிக்கட்டும். வாக்குவாதம் நீண்டது. கடைசியில் எழுதுகிறவன் நான் என்பதால் என் பேச்சே எடுபட்டது.

எப்போது அனுப்புவது என்பதும் முக்கியம். நூல் கடைக்கு இலையுதிர் காலம் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரைதான் அறுவடை. அந்த நாட்களில் எந்த வணிகரும் தளத்தில் கை வைக்க விடமாட்டார், விடவும் கூடாது. அக்டோபரில் எழுதுகிறவர் கடை நடப்பு தெரியாதவர் என்று அதிலேயே காட்டிக்கொள்கிறார். நாங்கள் ஜனவரி கடைசியில், அவர்கள் கடை திறக்கும் காலை ஒன்பது மணிக்கு, அதாவது நமக்குப் பிற்பகல் இரண்டரைக்கு அனுப்பினோம்.

அஞ்சல் ஆங்கிலத்தில்தான் போனது. அதன் சாரம் இது. நான் இன்னார், கோயம்புத்தூரில் ஆறு பேர் கொண்ட நிறுவனம் நடத்துகிறேன். உங்கள் தளத்தில் “4ply” என்று தேடினால் ஒன்றும் வருவதில்லை. ஒரு நூலின் படத்தைச் சுருக்கி இணைத்திருக்கிறேன், உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து உருண்டை கேட்பவருக்கு இரண்டு லாட் கலந்து போகும் சாத்தியம் இருக்கிறது என்று நினைக்கிறோம். தவறாக இருந்தால் மன்னிக்கவும். இவற்றுக்காகத் தளத்தைப் புதிதாகக் கட்டத் தேவையில்லை. படமும் தேடலும் 300 பவுண்டு, லாட் வேலை 900 பவுண்டு. வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுதுங்கள், மறுபடி தொந்தரவு செய்ய மாட்டோம். கீழே என் சொந்தப் பெயர், அலுவலக முகவரி. அதற்கு மேல் ஒரு வரியும் இல்லை.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு சரி. எத்தனையோ அஞ்சல்களுக்குப் பதிலே வந்ததில்லை. நூல் கடை அம்மையாரிடமிருந்து நினைவூட்டலுக்குப் பிறகு பதில் வந்தது. படத்தையும் தேடலையும் அவருடைய மருமகனே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். கூட்டாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். லாட் பற்றி மட்டும் எங்களிடம் பேச வேண்டும் என்று அம்மையார் எழுதியிருந்தார். அந்த வேலை எங்களுக்குக் கிடைத்தது. தளம் இன்றும் அதே வூகாமர்ஸில்தான் ஓடுகிறது.

நீங்கள் கடை நடத்துகிறவராக இருந்தால் இப்படிப்பட்ட அஞ்சல்கள் உங்களுக்கும் வரும். உங்கள் கடையின் பெயரை எடுத்துவிட்டு வேறு கடையின் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற அஞ்சலை அப்படியே அழித்துவிடுங்கள். உங்கள் கடையை உண்மையிலேயே பார்த்து எழுதியது என்று தெரிந்தால், வேலை கொடுக்க வேண்டியதில்லை, ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை மட்டும் எழுதிவிடுங்கள்.