இராயப்பர் வீட்டில் இருந்த மாமியார்



மாற்கு எழுதிய நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில், ஆண்டவர் சீமோன் இராயப்பரின் வீட்டுக்குப் போகிறார். அங்கே இராயப்பரின் மாமியார் காய்ச்சலாய்ப் படுத்திருக்கிறார். யேசு அவருடைய கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறார். இந்தப் புதுமையைப் பலமுறை கேட்ட நாம் ஒன்றைக் கவனிப்பதில்லை. அது இராயப்பரும் அவருடைய சகோதரர் பெலவேந்திரரும் இருந்த வீடு. பெண்ணைக் கொடுத்த தாய் மருமகன் வீட்டில் இருக்கிறார். சுவிசேஷகர் அதை ஒரு குறையாக எழுதவில்லை.

நம் தோட்டங்களிலோ மகள் வீட்டில் கை நனைப்பது மானக்கேடு என்கிறோம். இதன் விளைவு என்ன?

கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கால் வீங்கிய விதவைத் தாய் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மகன் கொழும்பில் கடை வேலை செய்து, வாடகை அறையில் குடும்பம் நடத்துகிறான். கூட இருப்பவள் கொழுந்து பறிக்கும் மகள் மட்டுமே. அவளுக்கு அப்புத்தளைப் பக்கம் மாப்பிள்ளை பேசியாயிற்று. மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் நடமாட்டத்தோடு இருக்கிறார்கள். கலியாணமாகாத தம்பியும் அவர்களோடு இருக்கிறான். வழக்கப்படி பெண் புகுந்த வீடு போனால், அங்கே இரண்டு முதியவர்களுக்கு மூன்று பேர் துணை. இங்கே ஒரு முதியவளுக்கு ஒருவரும் இல்லை. பெண்ணின் சம்பளமும் அங்கேயே போய்ச் சேரும்.

இந்த இருவரும் ஓலை வாசிக்கும் முன்பே தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, “யாருடைய பெற்றோர்?” என்பதல்ல. “யாருக்கு இப்போது வேறு ஆள் இல்லை?” என்பதே. அப்படிக் கேட்டால், தம்பி வீட்டில் இருக்கும்வரை இவர்கள் கொஸ்லந்தையில் குடியிருப்பது நியாயம். அப்புத்தளைக்கு மாதந்தோறும் ஒரு தொகை போகவேண்டும். பெருநாளைக்கு மட்டுமல்லாமல் இடையிலும் போய்ப் பார்த்து வரவேண்டும். கொழும்பிலுள்ள மகனும் தப்ப முடியாது. தாயின் மருந்துச் செலவு அவன் பங்கு. நாளைக்குத் தம்பி பிரிந்து போனாலோ, மாமனார் படுக்கையில் விழுந்தாலோ, மறுபடி கூடிப் பேசவேண்டும். உடனிருப்பது ஒரு கடமை, பராமரிப்பது இன்னொரு கடமை. ஒரே கூரையின்கீழ் இருக்க முடியாதவரும் இரண்டாவதைச் செய்யலாம்.

இதில் இடர்கள் இல்லாமலில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் புதுத் தம்பதிகளும் தாயும் ஒரு திரைச்சீலையை நடுவில் கட்டி வாழவேண்டியிருக்கும். மாப்பிள்ளையை ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்று கேலி பேசுவார்கள். மண்சரிவு அபாயம் என்று அறிவிக்கப்பட்ட லயமாயின் கணக்கே மாறிவிடும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. அப்படியான இடத்தில் மகள் போய்க் குடியிருப்பதைவிட, தாயைப் பத்திரமான இடத்துக்கு அழைத்துக்கொள்வதே பொறுப்பு. ஆனால் தாயைக் கேட்டு, அவள் மனம் இசையும்வரை பொறுத்துச் செய்யவேண்டும்.

பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்குப் பதினான்கு நாட்சம்பளம் உண்டு. முப்பது வருடம் கூடை சுமந்த தாய்க்கு 420 நாட்சம்பளம் கிடைக்கும். சேமலாப நிதி வேறு. அந்தப் பணம் வரும்போது மகன் கொழும்பிலிருந்து ஓடிவருகிறான். அது தீர்ந்தபின் தாய் மகளுக்கு உரியவளாகிறாள். வங்கிப் புத்தகம் தாயின் கையை விட்டுப் போன நாளே அநீதி தொடங்கிய நாள். அந்தப் பணம் அவள் பெயரிலேயே இருக்கட்டும்.

“நான் கட்டிக்கொடுக்கப்பட்டவள், என்ன செய்ய?” என்று பெண்பிள்ளைகள் சொல்கிறார்கள். “அவள் அம்மாவை நான் ஏன் பார்க்கவேண்டும்?” என்று ஆண்பிள்ளைகள் கேட்கிறார்கள். தாய் தந்தைக்குக் கொடுக்கவேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார். காணிக்கை நல்லதே, அதைச் சாக்காக்கியதுதான் பாவம். திருமணமும் பரிசுத்தமான தேவதிரவிய அனுமானம். அதையே பெற்ற தாயைக் கைவிடச் சாக்காக்கினால், நாமும் கொர்பான் சொன்னவர்களே. நாட்டுச் சட்டமும் மகன், மகள் என்று பிரிக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்றே சொல்கிறது.

ஆகவே, சம்பந்தம் பேசும் பெற்றோரே, நகையும் சீரும் பேசும் அதே பாயில் உட்கார்ந்து இதையும் பேசுங்கள். மணமக்களே, நான்கு பெற்றோரின் பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே, இரவில் காய்ச்சல் கண்டால் சுடுதண்ணீர் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார் என்று குறித்துப் பாருங்கள். எந்தப் பெயருக்கு நேரே இடம் வெறுமையாய் இருக்கிறதோ, அந்தக் காம்பராவுக்கு முதலில் போங்கள். அங்கே படுத்திருப்பவரின் கையைப் பிடித்துத் தூக்க ஆண்டவர் உங்களையே அனுப்புகிறார்.