ஒரு கையெழுத்துதானே, அக்கா

ஜாமீன் போடுவதை நம் வீடுகளில் யாரும் கடன் என்று சொல்வதில்லை. "ஒரு கையெழுத்துதானே, அக்கா" என்பார்கள். மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணிடம் சம்பளச் சான்றிதழும் கையெழுத்தும் கேட்கப்படும்போது, அது உறவின் பேச்சாகவே வருகிறது. தயங்கினால், "தம்பி மேலே நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வி எழும். அந்தக் கையெழுத்தில் அவள் உண்மையில் எதை வாக்களிக்கிறாள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கடன் வாங்கியவர் தவறினால் அந்தப் பொறுப்பை நான் நிறைவேற்றுவேன் என்பதே ஜாமீன். சட்டத்தின் 128ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு. அசல், வட்டி, அபராதம், வழக்குச் செலவு எல்லாவற்றுக்கும் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

"முதலில் அவனைக் கேட்பார்கள், கடைசியில்தான் என்னிடம் வருவார்கள்" என்று பெண்கள் பலரும் நம்புகிறார்கள். அது தவறு. பாங்க் ஆஃப் பீகார் – தாமோதர் பிரசாத் வழக்கில் கீழ் நீதிமன்றம், கடன்காரரிடம் எல்லா வழிகளிலும் முயன்றுவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் போக வேண்டும் என்று நிபந்தனை விதித்திருந்தது. 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. பணம் எளிதில் கிடைக்கும் இடத்தில் கை வைக்க வங்கிக்கு உரிமை உண்டு. ஒளிக்க முடியாத மாதச் சம்பளத்தைவிட எளிதான இடம் எது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தம்பி லேத் பட்டறை வைக்க 6 லட்சம் கடன் வாங்குகிறான், அக்கா ஜாமீன். சில தவணைகளுக்குப் பிறகு பட்டறை மூடிவிடுகிறது. வட்டியோடு 5 லட்சம் பாக்கி. வங்கி இருவர் மீதும் வழக்குப் போட்டு வெல்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி, இப்படிப்பட்ட கடனுக்குச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. கணக்கில் வரும் சம்பளம் 40,000 என்றால் மாதம் 13,000 ரூபாய் பிடிக்கலாம். ஒரே தீர்ப்புக்காக இப்படி 24 மாதம்வரை போகும், மொத்தம் 3,12,000. மீதிக்கு அவளுடைய மற்ற சொத்துகள் இருக்கின்றன. அந்தப் பட்டறையின் லாபத்தில் அவளுக்குப் பங்கு இருந்ததே இல்லை.

கட்டிய பணத்தைத் தம்பியிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையைச் சட்டம் தருகிறது. வங்கியால் வசூலிக்க முடியாதவனிடம் அக்கா வசூலிக்க வேண்டும், அதுவும் சொந்தத் தம்பி மீது வழக்குப் போட்டு. எத்தனை வீடுகள் அதைப் பொறுத்துக்கொள்ளும்? கணவனுக்காகப் போட்ட ஜாமீனும் இப்படித்தான்: மணமுறிவு ஆனாலும், அவன் இறந்தே போனாலும், அதனால் மட்டும் அந்தக் கையெழுத்து ரத்தாகிவிடாது.

இங்கேதான் எனக்கு அறக் கேள்வி எழுகிறது. ஒரு வாக்குறுதி, கொடுப்பவரின் கையில் இருக்கும் செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஜாமீனில் செயல் இன்னொருவருடையது, விளைவு மட்டும் என்னுடையது. பட்டறைக் கணக்கைப் பார்க்கும் உரிமைகூட இல்லாதவளிடம் அதன் தோல்வியைச் சுமக்கச் சொல்கிறோம். "நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வியும் இடம் மாறி வந்த கேள்விதான். அவனை முழுதாக நம்பாத வங்கிதான் ஜாமீன் கேட்கிறது. அந்த அவநம்பிக்கையின் விலையைக் கட்டச் சொல்லிவிட்டு, அதையே அன்புக்கு வைத்த தேர்வாக வீடு மாற்றிவிடுகிறது.

மறுப்பது மட்டுமே சரி என்று நான் சொல்லவில்லை. அந்தத் தொகை முழுவதையும் என் கையிலிருந்து கொடுத்து, திரும்பி வராமல் போனாலும் இவனோடு பேசிக்கொண்டிருக்க என்னால் முடியுமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். முடியும் என்றால் போடட்டும். அப்போதும், பொறுப்புக்கு ஓர் உச்சத் தொகையை எழுத்தில் கேட்கலாம். 128ஆவது பிரிவே அதற்கு இடம் தருகிறது. வங்கி மறுக்கலாம், ஆனாலும் கேட்க வேண்டும். படிவத்தைப் படிக்க வேண்டும். ஜாமீன்தாரரைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், அதன் பிறகான நடவடிக்கைகளுக்கு அவர் பொறுப்பல்ல என்கிறது 133ஆவது பிரிவு. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி, படிவங்களில் பெரும்பாலும் சிறிய எழுத்தில் இருக்கும்.

ஏற்கெனவே பாக்கியில் இருக்கும் கடன் போன்ற முக்கியமான செய்தியை மறைத்து வங்கி வாங்கிய ஜாமீன் செல்லாது என்கிறது 143ஆவது பிரிவு. ஆனால் அண்ணனோ தம்பியோ மறைத்ததை வைத்து வங்கியிடமிருந்து தப்புவது கடினம். ஆகவே கேள்விகளைக் கையெழுத்துக்கு முன்பே, அவனிடமே கேட்டாக வேண்டும். சங்கடம்தான். அந்தச் சங்கடத்தை ஒரு மாலைப்பொழுது அவனும் கொஞ்சம் சுமக்கட்டும்.