பயிற்சிச் செலவும் விலகும் உரிமையும்

நிறுவனம் காசு போட்டுப் படிப்பித்த ஊழியர், குறித்த காலத்துக்கு முன் வேலையை விட்டால் அந்தச் செலவைத் திருப்பிக் கட்டவேண்டும் என்பதே பயிற்சிப் பிணை. இலங்கையில் இதை அதிகம் பழகியவர்கள் பல்கலைக்கழகத்தார். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற அரச பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர் சம்பளத்துடன் கற்கை விடுமுறையில் கலாநிதிப் பட்டம் படிக்க வெளிநாடு போகும்போது பிணைமுறியில் ஒப்பமிட்டுவிட்டே போகிறார். சில வருடங்கள் ஒரு மணிநேர விரிவுரையும் எடுக்காமல் சம்பளம் வாங்கி, உலகில் எங்கும் செல்லுபடியாகும் பட்டத்தோடு நிற்பவரிடம், திரும்பி வந்து வேலை செய் அல்லது கட்டு என்று கேட்பதில் அநியாயம் இல்லை. அந்தப் பத்திரத்தின் வாசகத்தை அப்படியே எடுத்து, நான்கு மாதப் பயிற்சிக்குப் போகும் சமையலறை உதவியாளரிடம் ஒப்பம் கேட்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

பாசிக்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். இது கற்பனை உதாரணம், தொகைகளும் அப்படியே. படுவான்கரையைச் சேர்ந்த ஒரு பெண் அங்கே மாதம் 45,000 ரூபாய்ச் சம்பளத்தில் வேலை செய்கிறாள். கேக், பேஸ்ட்ரி செய்யப் பழக அவளை ஹோட்டல் நான்கு மாதம் கொழும்புக்கு அனுப்புகிறது. பாடநெறிக் கட்டணம் 1,20,000 ரூபாய், தங்குமிடமும் சாப்பாடும் 60,000. அந்த நான்கு மாதச் சம்பளமும் வழமைபோல் கிடைக்கிறது. அவள் முன் நீட்டப்படும் பத்திரம் சொல்வது இது: மூன்று வருடம் வேலை செய்யவேண்டும், எப்போது விலகினாலும் ஐந்து இலட்சம் கட்டவேண்டும், இரண்டு பேர் பிணை நிற்கவேண்டும், அசல் சான்றிதழ்கள் அலுவலகத்தில் இருக்கும்.

ஹோட்டலின் பயத்தை அலட்சியப்படுத்த முடியாது. பயிற்சி முடிந்த கையோடு மாலைதீவிலோ வளைகுடாவிலோ இரட்டிப்புச் சம்பளம் கிடைத்தால் அவள் போகத்தான் செய்வாள். செலவு ஒருவருக்கும் பலன் இன்னொருவருக்கும் என்றால் அடுத்த முறை யாரையும் படிப்பிக்க முதலாளிக்கு மனம் வராது. ஆனால் ஐந்து இலட்சம் அந்த இழப்பின் அளவு அல்ல; அது போகாமல் மறிப்பதற்காகப் போட்ட தொகை. சட்டமும் இங்கேதான் கோடு கிழிக்கிறது. நேர்மையாக முன்கூட்டியே மதிப்பிட்ட இழப்பு ஒன்று, மிரட்டுவதற்கான தண்டம் இன்னொன்று. இழப்புக்குப் பொருத்தமே இல்லாத தண்டத்தை முழுதாக வாங்கிக்கொடுக்க நீதிமன்றங்கள் தயங்கும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் இரண்டு இலட்ச ரூபாய்ப் பிணையைச் செல்லும் என்றது உண்மை. அந்தப் பிணையைக் கொடுத்தவர், மூன்று வருடம் முடியுமுன் விலகி இன்னொரு வங்கிக்குப் போன முதுநிலை மேலாளர். நல்ல சம்பளம் வாங்கிய அவருக்கு அத்தொகை விலகலைத் தடுக்கும் அளவுக்குப் பெரியதல்ல என்பதும், அரச வங்கி ஒரு வெற்றிடத்தை நிரப்ப நாடு முழுவதும் விளம்பரம் செய்து ஆள் எடுக்கவேண்டும் என்பதும் நீதிமன்றம் சொன்ன காரணங்களில் அடங்கும். இலங்கை நீதிமன்றத்தை அத்தீர்ப்புக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்தினாலும், மாதம் 45,000 வாங்குபவளின் ஐந்து இலட்சத்துக்கு அது துணைவராது. பதினொரு மாதத்துக்கும் மேற்பட்ட சம்பளம் அது.

ஆகவே முதற்கேள்வி, எந்தச் செலவைக் கேட்கலாம் என்பது. விலகும்போது ஊழியர் தன்னோடு எடுத்துப்போவது எது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். பேஸ்ட்ரித் தகைமை அவளோடு போகிறது. அந்த ஹோட்டலின் முன்பதிவு மென்பொருளைப் பழக்கியதும், தீயணைப்பு ஒத்திகையும், உணவுச் சுகாதார வகுப்பும் அங்கேயே நின்றுவிடுகின்றன. அவை தொழில் நடத்துவதற்கான செலவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பணிப்புரை, சட்டப்படி முதலாளி கொடுத்தே ஆகவேண்டிய பயிற்சிக்கு ஊழியரிடம் காசு கேட்கக்கூடாது என்கிறது. பயிற்சிக் காலச் சம்பளத்தைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. பல வருட விடுமுறையில் சம்பளமே பெருஞ்செலவு என்பதால் விரிவுரையாளரின் பிணையில் அதைச் சேர்ப்பதற்கு நியாயம் இருக்கிறது. நான்கு மாதப் பயிற்சியில், வீட்டுக்கு அனுப்பி அரிசியும் பருப்புமாகிப்போன சம்பளத்தைக் கடனாக எழுதுவது கடுமை. அதை விட்டால் மிஞ்சுவது 1,80,000. அதற்கும் பற்றுச்சீட்டு இருக்கவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத செலவைப் பின்னால் மன்றத்தில் நிறுவுவது கடினம்.

இரண்டாவது, காலம். ஜெர்மன் தொழில் நீதிமன்றங்களில் ஒரு அளவுகோல் உண்டு: சம்பளத்தோடு ஒரு மாதம் வரை பயிற்சி என்றால் ஆறு மாதமும், மூன்று நான்கு மாதம் என்றால் இரண்டு வருடமும் ஊழியரைப் பிணைத்துவைக்கலாம் என்பது அதன் போக்கு. அந்தக் கணக்கில் மூன்று வருடம் அதிகம். பதினெட்டு மாதம் என்றால் யாரும் குறை சொல்லமுடியாது. தொகையும் மாதாமாதம் இறங்கவேண்டும். 1,80,000ஐப் பதினெட்டால் பிரித்தால் மாதம் 10,000. பதினொரு மாதம் வேலை செய்து விலகினால் மீதி ஏழு மாதத்துக்கு 70,000. பதினேழாம் மாதம் விலகுபவரும் முதல் மாதம் விலகுபவரும் ஒரே தொகை கட்டும் பத்திரம், அவள் உழைத்த உழைப்பைக் கணக்கில் எடுக்காத பத்திரம்.

மட்டக்களப்புப் பக்கத்தில் இந்தக் கணக்குக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வாடைக்காற்று மழை தொடங்கினால் பாசிக்குடாவில் ஆள் குறைந்துவிடும். ஹோட்டல்கள் ஊழியரைச் சம்பளமில்லா விடுமுறையில் அனுப்பலாம். அந்த மாதங்கள் பதினெட்டில் சேருமா? பத்திரம் பேசாமல் விட்டால் சண்டை நிச்சயம். ஹோட்டலே வீட்டுக்கு அனுப்பிய நாட்களைச் சேர்ப்பதுதான் முறை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளும் அடுத்த வருடக் கொரோனாவும் சுற்றுலாவை முடக்கியதுபோல் ஒரு நிலை வந்து ஹோட்டலே ஆளைக் குறைத்தால், பிணை அந்த இடத்திலேயே அற்றுப்போகவேண்டும். சம்பளம் ஒழுங்காகக் கிடைக்காததாலோ, தொல்லை தாங்காமலோ விலகினாலும் அப்படியே.

இவற்றைச் சேர்த்து எழுதினால் நிபந்தனை இப்படி அமையும்: "பயிற்சி முடிந்து கடமைக்குத் திரும்பிய நாளிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள் ஊழியர் தம் விருப்பின்பேரில் விலகினால், இணைப்பில் உள்ள பற்றுச்சீட்டுகளின் கூட்டுத்தொகையான 1,80,000 ரூபாயில், முடிவுற்ற ஒவ்வொரு மாதத்துக்கும் பதினெட்டில் ஒரு பங்கைக் கழித்து மீதியைச் சம தவணைகளில் செலுத்துவார். நிறுவனம் வழங்கிய சம்பளமில்லா விடுமுறைக் காலமும் மாதக் கணக்கில் சேரும். நிறுவனம் வேலையிலிருந்து நிறுத்தினால், நிறுவனத்தின் தவறினால் அல்லது நோயினால் விலகினால், எதுவும் செலுத்தவேண்டியதில்லை." நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனத்துக்காக நிறுத்தப்பட்டவரை விதிவிலக்காக்கலாம், அதற்கு முறையான விசாரணை நடந்திருக்கவேண்டும்.

பத்திரம் தமிழில் இருக்கவேண்டும், கொழும்பு பஸ் ஏறுவதற்குச் சில நாள் முன்பே கையில் கிடைக்கவேண்டும். வேண்டாம் என்று சொல்லி இருந்த வேலையிலேயே தொடரும் வாய்ப்பு இல்லாதபோது போட்ட ஒப்பத்தைச் சம்மதம் என்பது கடினம்.

அறவிடும் முறைதான் கடைசி. எழுத்து ஒப்பந்தத்தின் மேல் வழக்குப் போட இலங்கையில் ஆறு வருடம் அவகாசம் உண்டு. 70,000 ரூபாய்க்காக நீதிமன்றம் ஏறினால் செலவு வரவை விழுங்கிவிடும் என்பது எல்லா முதலாளிக்கும் தெரியும். சான்றிதழைப் பிடித்து வைப்பதும், கடைசி மாதச் சம்பளத்தில் மொத்தமாக வெட்டுவதும், பிணை நின்ற மாமாவை நெருக்குவதும் அதனால்தான் நடக்கின்றன. சம்பளத்தில் எதை, எவ்வளவு வெட்டலாம் என்பதற்குத் தொழிற் சட்டங்களில் வரம்பு இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதி ஊழியருடையது, பிணைக் கடனுக்காக அதைத் தடுத்துவைக்க முடியாது. திரும்பிவராத விரிவுரையாளருக்காகப் பிணை நின்ற சக ஊழியர்கள் கடனில் விழுந்த கதை பல்கலைக்கழகங்களில் பழையது. சமையலறைப் பயிற்சிக்கு மூன்றாம் ஆளை இழுக்கவே தேவையில்லை. அவளுடைய சேவைச் சான்றிதழைக் கணக்கு முடியும்வரை மறிப்பது ஹோட்டலுக்கே நட்டம்: தவணை கட்ட அவளுக்கு அடுத்த வேலை வேண்டும், அந்த வேலைக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.