அவர் சொன்ன கஷ்டத்திலிருந்து டெமோவைத் தொடங்கு!

லேப்டாப்பைத் திறந்ததும் முதல் மெனுவில் ஆரம்பித்துக் கடைசி மெனுவரை காட்டிக்கொண்டே போகிறாயே, அதை இன்றோடு நிறுத்து! எதிரில் இருப்பவர் போன வாரமே தன் கஷ்டத்தை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அதையெல்லாம் கேட்டுவிட்டு இன்று நீ வேறு கதை பேசினால், எந்த வியாபாரி பணத்தை எடுப்பார்?

ஒரு மருந்துக்கடையை எடுத்துக்கொள். நீ விற்பது பில்லிங் சாஃப்ட்வேர். முதல் சந்திப்பில் கடைக்காரர் சொன்னது இரண்டே விஷயம். "மார்ச்ல ஸ்டாக் எடுத்தப்ப 38,000 ரூபாய்க்கு எக்ஸ்பயரி சரக்கு கெடந்துச்சு தம்பி. டைம் தாண்டிருச்சுன்னு ஏஜென்சிக்காரங்க பாதியை வாங்கவே இல்ல." அடுத்தது, "ராத்திரி ஏழு மணிக்கு மேல கூட்டம். அட்டையை வெட்டி நாலு மாத்திரை கேட்டா, பையன் கால்குலேட்டரைத் தேடுறான்." இவற்றை அவர் சொன்ன வார்த்தையிலேயே, தொகையோடு சேர்த்து நோட்டில் எழுதி வை. 'இருப்பு மேலாண்மைச் சிக்கல்' என்று நீ நாகரிகமாக மாற்றி எழுதினால், அந்த 38,000 ரூபாயின் எரிச்சல் அதில் இருக்காது.

டெமோவுக்கு முந்தைய நாள் அவரிடம் நாலைந்து பர்ச்சேஸ் பில்களை வாட்ஸ்அப்பில் வாங்கு. அதில் உள்ள மருந்துகளை பேட்ச் நம்பர், காலாவதி மாதம், ஏஜென்சி பெயரோடு உன் டெமோவில் ஏற்று. 'ஐட்டம் 1, ஐட்டம் 2' என்ற மாதிரிப் பட்டியலோடு போகாதே! திரையில் தன் கடைச் சரக்கைப் பார்க்கும் மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருவார். இன்டர்நெட் கைவிட்டாலும் ஓடும்படி எல்லாவற்றையும் உன் கணினியிலேயே வைத்திரு.

இப்போது டெமோ. உன் கம்பெனி வரலாறு யாருக்கு வேண்டும்? "அண்ணே, மார்ச்ல 38,000 ரூபாய்க்கு எக்ஸ்பயரி சரக்கு கெடந்துச்சுன்னு சொன்னீங்க. முதல்ல அதைப் பார்ப்போம்" என்று தொடங்கு. அடுத்த 90 நாளில் காலாவதியாகும் சரக்கின் பட்டியலைத் திற. ஏஜென்சி வாரியாகப் பிரி. திருப்பி அனுப்புவதற்கான சீட்டை அங்கேயே அச்சடித்து அவர் கையில் கொடு. பிறகு ஒரே கேள்வி: "இது உங்களுக்கு டிசம்பர்லயே கையில கிடைச்சிருந்தா?" கேட்டுவிட்டு வாயை மூடு! அந்தக் கணக்கை அவரே போடட்டும். நீ போட்டுச் சொன்னால் அது விற்பனைப் பேச்சு. அவர் போட்டால் அது அவருடைய முடிவு.

இரண்டாவது கஷ்டத்துக்கு நீ கீபோர்டைத் தொடவே கூடாது. கவுன்ட்டர் பையனைக் கூப்பிட்டு உட்கார வை. 10 மாத்திரை அட்டை 45 ரூபாய்; நாலு மாத்திரை என்று அவன் தட்டட்டும். 18 ரூபாய் என்று பில் வரும், மீதி ஆறு இருப்பில் நிற்கும். அவன் தடுமாறினால் தடுமாறட்டும், பொறுத்திரு. நாளை கூட்ட நேரத்தில் அதே இடத்தில்தான் தடுமாறுவான். அதை இன்றே முதலாளி முன்னால் சரிசெய்து காட்டு.

உன் சாஃப்ட்வேரில் இன்னும் பல வசதிகள் இருக்கும்; காட்டத் துடிப்பாய். அடக்கு! எச்1 வகை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். உன்னிடம் அதற்கு வசதி உண்டு, ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்படியானால் முதலில் கேள்: "எச்1 ரிஜிஸ்டர் இப்ப எப்படி எழுதுறீங்க?" அலுத்துக்கொண்டால் திறந்து காட்டு. "அதுல சிரமம் இல்ல" என்றால் தாண்டிப் போ. சம்பளக் கணக்கு, கிளைக்கடை வசதி எதையும் தொடாதே. அவருக்கு வேண்டாததைக் காட்டக் காட்ட, 'இதுக்கெல்லாம் சேர்த்துத்தானே விலை வைக்கிறான்' என்று மனதுக்குள் கழிக்கத் தொடங்கிவிடுவார். நடுவில் கடைக்காரரின் மனைவியோ கணக்கரோ வந்து உட்கார்ந்தால், டெமோவை நிறுத்திவிட்டு அவர்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டுவிட்டுத் தொடர். அவர்கள் கேட்கும் வசதி உன்னிடம் இல்லையென்றால் "இல்லை" என்று நிமிர்ந்து சொல்!

"நல்லாருக்கு தம்பி, சொல்லி அனுப்புறேன்" என்று அவர் சொன்னால் ஏமாறாதே. அப்படியென்றால் அவர் கஷ்டத்தை நீ தொடவே இல்லை. நோட்டைத் திறந்து, "இதுல எது இன்னும் தீரலண்ணே?" என்று அங்கேயே கேள். மாறாக, "இருக்கற ஸ்டாக்கை எல்லாம் யார் ஏத்துறது?" என்று கேட்டால் அவர் இறங்கிவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக ஆள், தேதி, நேரம் மூன்றையும் அந்த இடத்திலேயே சொல். ஞாயிறு மதியம் கடை அடைத்திருக்கும்போது ஆளை அனுப்புவதாகச் சொன்னால், அந்தத் தேதியை அவர் காலண்டரில் குறித்துக் கொடுத்துவிட்டுப் படி இறங்கு.