வேலிக்குப் பின்னால் ஓர் ஐயா



போன வாரம் பாரிட் புந்தாரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. அவர் மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளியின் வகுப்பாசிரியை பெற்றோருக்கு எழுதியது. ஆண்டு மலரில் வரும் ஐந்தாம் ஆண்டு வகுப்புப் படத்தின் பின்னணியை மாற்றப் போகிறோம், ஏன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன் என்று தொடங்கியிருந்தார்.

படம் எடுத்த காலை, பிள்ளைகளுக்குப் பின்னால் பள்ளி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு வாசலில் ஒரு பெரியவர், இடுப்பில் கைலி, வாயில் பல்துலக்கி. கேமராவின் சின்னத் திரையில் யார் கண்ணிலும் படவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் கடைசி வரிசைப் பையன் ஒருவனின் தலைமேல் அவர் நிற்பதுபோல் இருக்கிறது. பக்கத்தில் அவருடைய காரின் எண் பளிச்சென்று தெரிகிறது. "மலர் எல்லா வீடுகளுக்கும் போகும். அந்த ஐயாவிடம் நாம் அனுமதி கேட்கவில்லை. கேட்டாலும் அந்தக் கோலத்தில் தர மாட்டார்" என்று எழுதியிருந்தார் ஆசிரியை.

மறுபடி ஒரு படம் எடுத்தால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் படம் எடுத்த பிறகு ஒரு மாணவி, அப்பாவின் வேலை மாற்றத்தால் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போய்விட்டாள். மறுபடி எடுத்தால் 32 பேர் 31 ஆகிவிடுவார்கள். அவளை விட மனமில்லாமல்தான் பின்னணியில் கை வைக்கிறோம் என்கிறார்.

படக்காரர் முதலில் செய்து கொடுத்தது நீலவானமும் வெள்ளை மேகமும். ஆசிரியை அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர் எழுதிய காரணங்களைப் படித்தபோது, இவர் படத்தை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார் என்று வியந்தேன். சீருடைச் சட்டை வெள்ளை, மேகமும் வெள்ளை. கணினியில் வெட்டும்போது எல்லை தெரியாமல் இரண்டு பிள்ளைகளின் தோள் கரைந்துபோய்விட்டது. பின்னல் சடையிலிருந்து பிரிந்து நிற்கும் மெல்லிய முடியெல்லாம் மழுங்கி, தலையைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிட்டது. தரையையும் சேர்த்து மாற்றியதால் காலடி நிழல் போய், முன்வரிசை அந்தரத்தில் மிதந்தது. எல்லாவற்றையும்விட, காலை வெயில் பிள்ளைகளின் இடக் கன்னத்தில் விழுந்திருக்க, மேகத்தின் வெளிச்சமோ வலப்பக்கம் இருந்தது. ஒட்டுவேலையைக் கண்டுபிடிக்க இந்த ஒன்றே போதும். காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ஏதோ சரியில்லை என்பார்.

பெற்றோர் ஒருவர், பின்னால் நெல்வயலைப் போடலாமே, நம் ஊர் கிரியான் வயலாயிற்றே, கதிர் பொன்னாக விளைந்த படம் தன்னிடம் இருக்கிறது என்றாராம். அழகான யோசனைதான். ஆனால் படம் எடுத்த வாரத்தில் வயலில் தண்ணீர்தான் நின்றது, நாற்றுகூட நடவில்லை. "இருபது வருடம் கழித்து நம் பிள்ளைகள் இதைப் பார்த்து, அறுவடை நேரத்தில் எடுத்தது என்று நம்பிவிடுவார்கள்" என்று ஆசிரியை மறுத்திருக்கிறார். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ், அட்டையின் நெடிய வடிவத்துக்குள் அடக்குவதற்காக எகிப்தின் இரண்டு பிரமிடுகளைக் கணினியில் நெருக்கிவைத்தது. கொஞ்சம்தான் நகர்த்தினார்கள். அந்தப் பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஆசிரியைக்கு இது தெரியுமோ தெரியாதோ, பயம் ஒன்றுதான்.

கடைசியில் அவர் செய்தது எளிய காரியம். வானம் தெளிந்த ஒரு காலையில், அன்று எடுத்த அதே நேரத்தில், படக்காரர் அதே இடத்தில் அதே உயரத்தில் கேமராவை நிறுத்தி, யாருமில்லாத வேலியைப் படம் எடுத்தார். காரைக் கொஞ்சம் நகர்த்தித் தந்தவர் அந்த ஐயாவேதான். பெஞ்சு, தரை, நிழல், பிள்ளைகள் யாரையும் தொடவில்லை. தலைகளுக்கு மேலே தெரியும் பட்டையை மட்டும் இந்தப் புதுப் படத்திலிருந்து எடுத்து வைக்கிறார்கள். பழைய வேலி இருந்த இடத்தில் அதே வேலி என்பதால், முடியோரம் கொஞ்சம் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை யாரும் திருத்தி அனுப்ப வேண்டாம் என்றும் ஒரு வரி. அது சுருங்கி வந்த படம். மலரில் 20 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தெளிவாக அச்சாக, அகலவாக்கில் ஏறத்தாழ 2,360 புள்ளிகள் வேண்டும். அது படக்காரரின் மூலப்படத்தில்தான் இருக்கிறது.

படத்துக்குக் கீழே, பெயர்களுக்கு அடுத்து, "பின்னணியின் மேற்பகுதி மாற்றப்பட்டது" என்று சின்ன எழுத்தில் அச்சிடுவார்கள். திருத்தாத மூலப்படம் பள்ளியில் பத்திரமாக இருக்கும்.

கடிதத்தின் அடியில் கிழித்துக் கொடுக்க ஒரு துண்டு. சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டம். நண்பர் சம்மதத்தில் கோடு போட்டு, கீழே பேனாவால் எழுதியிருந்தார்: "டீச்சர், அந்த ஐயா இருக்கிற படத்தில் ஒரு பிரதி எங்கள் வீட்டுக்கு மட்டும் கிடைக்குமா? அவர் என் மாமனார்."