பார்ப்பதும் அறிவதும்

கெட்ட செய்தியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வது தவறா? என் வகுப்பறையில் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு வடிவில் இந்தக் கேள்வி எழுகிறது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர், தான் வேலை பார்த்த இடத்திலேயே வல்லுறவு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாரம் முதுகலை மாணவி ஒருத்தி சொன்னாள்: “நாலு நாளா தூங்கல மேடம். போனை மூடி வச்சா அந்தப் பொண்ணை விட்டுட்டு ஓடிப்போற மாதிரி இருக்கு.”

இதை மனபலவீனம் என்று தள்ளிவிட முடியாது. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லித்தான் இந்தச் சமூகம் பெண்களைக் காலங்காலமாக வளர்த்திருக்கிறது. பக்கத்து வீட்டு அலறல் நம் காதில் விழவில்லை. அக்காவின் கன்றிப்போன கன்னம் கதவில் இடித்துக்கொண்டதால் வந்தது. மூடியதைத் திறந்து பார்த்தவர்களால்தான் பெண்ணியம் என்ற ஒன்றே சாத்தியமானது. ஆகவே அவளிடம் “போனைத் தூக்கிப் போடு” என்று நான் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டேன்: நான்காம் நாள் இரவு உனக்குத் தெரிந்தவற்றில், முதல் நாள் தெரியாதது எது? யோசித்துவிட்டுச் சொன்னாள்: “புதுசா ஒண்ணும் இல்ல மேடம். பயம்தான் கூடியிருக்கு.”

பார்ப்பது ஒன்று, அறிவது வேறொன்று. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஆரணி இருக்கும் இதே திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூரை அடுத்த அத்திமூர் போதும்.

2018 மே 9. சென்னையைச் சேர்ந்த அறுபத்தைந்து வயதுப் பெண் ஒருவர், மலேசியாவிலிருந்து வந்திருந்த உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டார். வழி சரியாகத் தெரியாமல் அத்திமூர்ப் பக்கம் வண்டியை நிறுத்தி விசாரித்தார்கள். அங்கே நின்ற குழந்தைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். குழந்தைகளைப் பார்த்தால் நம் வீட்டுப் பாட்டிகள் எல்லோரும் செய்கிற காரியம்தான். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊர் கூடியது. அடித்த அடியில் அவர் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அதற்கு முந்தைய சில வாரங்களாக வட மாவட்டங்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரே சேதிதான் சுற்றிக்கொண்டிருந்தது: வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது. குரல்பதிவுகள், படங்கள், காணொளிகள். அந்த ஆண்டு இந்தியா முழுக்கப் பரவியவற்றில் பேர்போன ஒரு காணொளியில், தெருவில் விளையாடும் பிள்ளைகளுக்கு நடுவே இருந்து ஒரு சிறுவனை மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு குழந்தைப் பாதுகாப்பு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலப்படத்தில் அதே இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவார்கள். யாரோ அந்த முடிவை வெட்டிவிட்டார்கள். முடிவை வெட்டியதும், பாதுகாக்கச் சொன்ன படம் மிரட்டும் படமாகிவிட்டது.

அந்த நாட்களில் நம் ஊர்களில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் நிலையிலிருந்து இதை யோசித்துப் பார்க்கிறேன். நாத்தனார் ஒன்று அனுப்புகிறாள். மகளிர் குழுவில் இன்னொன்று வருகிறது. பள்ளித் தாய்மார்கள் குழுவில் அதே குரல் மறுபடியும் பேசுகிறது. ஒரே புரளி பத்து வழியாக வந்து சேரும்போது மனம் அதைப் பத்துச் சம்பவங்களாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அனுப்புகிறவர்களும் அன்னியர் அல்லர், நம்மேல் அக்கறை உள்ளவர்கள். தகவல் கிடைக்காததால் அந்த ஊர்கள் பயப்படவில்லை. நாள் முழுக்கத் தகவல் போல ஒன்று வந்துகொண்டே இருந்ததால்தான் பயந்தன. எந்த ஊரில், யார் வீட்டுப் பிள்ளை, எந்தக் காவல் நிலையத்தில் புகார் என்ற மூன்று கேள்விக்கு மட்டும் அந்தச் சேதிகளில் பதில் இல்லை. காவல்துறை அது புரளி என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பயம் அதற்குள் அறிவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

புரளி பொய், கொல்கத்தாச் செய்தி உண்மை, இரண்டையும் எப்படி ஒன்றாக வைக்கலாம் என்று நீங்கள் கேட்பது நியாயம். செய்தியின் உண்மையில் வித்தியாசம் இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்ப்பது மனத்தில் செய்யும் வேலையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. 2013இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு, உளவியல் ஆய்வாளர்கள் சிலர் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிட, அடுத்த வாரம் முழுவதும் நாளுக்கு ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியிலேயே கிடந்தவர்களிடம் கடும் மன அழுத்தத்தின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. ஏற்கெனவே பதற்றம் உள்ளவர்கள்தான் அதிகம் பார்த்திருப்பார்கள் என்றும் வாதாடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், பதற்றம் பார்க்க வைக்கிறது, பார்ப்பது பதற்றத்தைக் கூட்டுகிறது என்ற சுழல் அங்கே இருக்கத்தான் செய்கிறது.

இந்தச் சுழலுக்கு உதவும் ஒரு பொறி கைப்பேசியில் உண்டு. பக்கம் முடிந்தால் அடுத்ததைத் திறக்க முன்பு நாம் எதையாவது சொடுக்க வேண்டியிருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே தள்ளத் தள்ளத் தானே வந்துகொண்டிருக்கும் முறையை உருவாக்கினார். அதன் விளைவைக் கண்டு பின்னாளில் அவரே வருந்திப் பேசினார். எங்கள் ஊரில் ஒரு பாவுக்கு இத்தனை சேலை என்று கணக்கு உண்டு. முந்தி நெய்து முடித்தால் ஒரு சேலை முடிந்தது; தறிக்குழியிலிருந்து எழுந்து காலை நீட்டலாம். தறிக்குப் பக்கத்தில் தார் சுற்றும் பெண்ணுக்கும் நூல் தீரும் இடம் ஒன்று வரும். செய்தித்தாளுக்கும் கடைசிப் பக்கம் இருந்தது. போதும் என்று முடிவெடுக்கும் வேலையை அந்தக் கடைசிப் பக்கம் நமக்காகச் செய்தது. இப்போது அந்த வேலையை நள்ளிரவில், களைத்த கண்களோடு, நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

பெண்களுக்கு இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் திரைக்கு வருபவை பெரும்பாலும் அன்னியன் செய்த குற்றங்கள்: இருட்டுத் தெரு, பேருந்து, முகம் தெரியாதவன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறக்குறைய பத்தில் நான்கு பேர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தினமும் நடப்பது செய்தியாவதில்லை. அரிதாக நடப்பதே ஆயிரம் முறை ஓடுகிறது. அதன் விளைவு என்ன? “காலம் கெட்டுக் கிடக்குது, வீட்டோட இரு” என்று மகளை நிறுத்துகிறோம். மாலை வகுப்பும், விடுதியும், வெளியூர் வேலையும் போகின்றன. எந்த வீட்டுக்குள் ஆபத்து அதிகம் என்று கணக்குச் சொல்கிறதோ, அந்த வீடே அடைக்கலம் ஆகிவிடுகிறது. நாம் பார்த்துக் குவித்த பயத்தின் பலனை ஆணாதிக்கம் அறுவடை செய்துகொள்கிறது.

அப்படியானால் எப்படி அறிந்துகொள்வது? அந்த மாணவியும் நானும் பேசிப் பேசி ஒரு வழக்கத்துக்கு வந்தோம். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஒரு நிகழ்வைப் பற்றி நாளுக்கு ஒரு முறை, பகல் வெளிச்சத்தில், பெயர் போட்டு எழுதும் ஒரு செய்தியாளரின் கட்டுரையாக வாசிப்பது. வாசித்து முடித்ததும் நேற்றுத் தெரியாத ஒரு விஷயத்தை நோட்டில் ஒரு வரியாக எழுதுவது. எழுத ஒன்றும் இல்லையென்றால் அன்றைக்கு அந்தச் செய்தி முடிந்தது. கொல்கத்தா வழக்கில் அவளுடைய நோட்டில் முதலில் விழுந்தவை: விசாரணை சி.பி.ஐ. கைக்குப் போனது, உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது, மருத்துவர்களின் பாதுகாப்புக்குத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. மூன்று வரி. நான்கு இரவு பார்த்த காணொளிகளில் இவற்றில் ஒன்றும் அவள் மனதில் தங்கியிருக்கவில்லை.

மூன்றாவது வரியிலிருந்து அவளுக்கு ஒரு கேள்வி பிறந்தது: நம் கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது இருந்தாக வேண்டும். உறுப்பினர்களின் பெயர்களை விசாரித்து, வகுப்புப் பெண்கள் குழுவில் போட்டாள். அன்று அந்தக் குழுவில் சுற்றிய சேதிகளில் அது ஒன்றுதான் யாருக்காவது உபயோகப்படும் சேதி.

எல்லோருக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது. 2009இல் வன்னியில் சொந்தங்கள் சிக்கியிருந்தபோது டொரன்டோவிலும் லண்டனிலும் இரவெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஈழத்துப் பெண்ணிடம் போய் நேரம் குறித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் தேடியது ஒரு பெயரை. அது வேறு. அதேபோல, திரையை மூடிய பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராமல், நெஞ்சு படபடத்து, வெளியே போகவே கால் எழவில்லையென்றால் அது நோட்டில் தீரும் காரியமல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

திரும்பிக்கொள்வது தவறா என்ற கேள்விக்கு இப்போது என்னால் இப்படிச் சொல்ல முடியும். இறந்த பெண்ணுக்கு நம் தூக்கத்தைக் கொடுப்பதால் அவளுக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை. சாட்சி என்பவள் பார்த்ததைச் சரியாகச் சொல்லக் கூடியவள். எங்கே, எப்போது, யார் என்று கேட்டால் பதில் உள்ளவள். அத்திமூரில் அன்று கூடிய கூட்டம் வாரக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. வழி கேட்டு வந்த ஒரு கிழவியை, யாரம்மா நீங்கள், எந்த ஊர் என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்க அந்தக் கூட்டத்தில் ஆளில்லை.