நடுப்பொதிவுத் தொடர்களும் வாசிப்பின் எல்லையும்

ஒரு தொடருக்குள் இன்னொரு தொடரை அடக்கலாம். அடக்கிய அத்தொடருக்குள் மீண்டும் ஒன்றை அடக்கலாம். இதற்கு இலக்கணத்தில் எல்லை ஏதும் கூறப்படவில்லை. மொழியியலார் மீள்நிகழ்வு எனக் குறிக்கும் இப்பண்பு மனித மொழியின் அடிப்படை இயல்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. எனினும் தொடரின் நடுவே தொடர் அமையும் நடுப்பொதிவு, இரண்டு அடுக்கைக் கடந்ததும் வாசிப்பவருக்குப் பிடிபடாமல் போய்விடுகிறது. விதி இசைவு தரும் ஒன்றை மனம் ஏற்க மறுக்கும்போது அதனைத் தொடர் என்று எந்தப் பொருளில் அழைப்பது என்னும் வினா எழுகிறது. தமிழ்த் தொடரமைப்பையும் தில்லியில் இந்தி மொழி குறித்து நிகழ்ந்த ஆய்வுகளையும் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை அணுகுகிறது.

பின்வரும் தொடரை நோக்குக: 'ஆசிரியர் மாணவன் நண்பன் தாய் வந்தாள் என்று கூறினான் என்று எண்ணினான் என்று நம்பினார்.' இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. வந்தவள் தாய், கூறியவன் நண்பன், எண்ணியவன் மாணவன், நம்பியவர் ஆசிரியர். நான்கு எழுவாய்களும் நான்கு பயனிலைகளும் முறையாகவே உள்ளன. ஆயினும் முதல் வாசிப்பில் இதன் பொருளை உணர்வோர் மிகச் சிலரே. இனி, அதே சொற்களை இடம் மாற்றி நோக்குக: 'தாய் வந்தாள் என்று நண்பன் கூறினான் என்று மாணவன் எண்ணினான் என்று ஆசிரியர் நம்பினார்.' அழகிய நடை அன்று. ஆனால் பொருள் உடனே விளங்குகிறது. ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. பொதிவின் அடுக்குகளும் முன்போல மூன்றே. எனவே இடர்ப்பாடு அடுக்கின் எண்ணிக்கையில் இல்லை என்பது பெறப்படுகிறது.

வேறுபாடு வாசிப்பின் போக்கில் உள்ளது. இரண்டாம் தொடரில் எழுவாய் வந்த சற்று நேரத்தில் அதன் பயனிலை வந்துவிடுகிறது. ஒவ்வொரு தொடரும் முற்றுப்பெற்று 'என்று' என்னும் சொல்லால் அடுத்ததனுள் அடங்குகிறது. முதல் தொடரிலோ நான்கு எழுவாய்கள் பயனிலையின்றிக் காத்திருக்கின்றன. முதலில் வந்த ஆசிரியர் இறுதிவரை காத்திருக்க வேண்டும். பயனிலைகள் வரத் தொடங்கியதும் ஒவ்வொன்றும் தனக்குரிய எழுவாயை நினைவிலிருந்து தேடி எடுக்க வேண்டியுள்ளது. எழுவாய்கள் நான்கும் உருபேற்காதவை, உயர்திணைக்குரியவை. 'வந்தாள்', 'நம்பினார்' என்னும் ஈறுகள் பாலும் மதிப்பும் காட்டி ஓரளவு வழிகாட்டுகின்றன. 'கூறினான்', 'எண்ணினான்' ஆகிய இரண்டும் ஒரே ஈற்றன. மாணவன், நண்பன் ஆகிய இருவருள் எவருக்கு எது என்பதை ஈறு கூறாது. மயக்கம் அவ்விடத்தில்தான் மிகுகிறது.

இந்தி மொழியும் தமிழைப் போன்று வினையை இறுதியில் கொள்வது. சிரவண் வசிஷ்ட் இந்தியின் நடுப்பொதிவுத் தொடர்கள் குறித்து ஆராய்ந்து எழுதிய நூல் 2003-இல் வெளிவந்தது. தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் அவருடைய வாசிப்புச் சோதனைகளில் பங்கேற்றனர். திரையில் தொடரின் பகுதிகள் ஒவ்வொன்றாகத் தோன்றும். வாசிப்பவர் பொத்தானை அழுத்தினால் அடுத்த பகுதி வரும். ஒவ்வொரு பகுதியிலும் அவர் தங்கிய நேரம் பதிவாகும். 'சீதா நே ஹரி கோ ரவி கோ கிதாப் கரீத்னே கோ போல்னே கோ கஹா' என்பது அவ்வகைத் தொடர்களின் அமைப்பு. தமிழில் இது 'சீதை அரியை இரவியைப் புத்தகம் வாங்கச் சொல்லச் சொன்னாள்' என்றாகும். செயப்படுபொருளும் 'கோ' உருபு ஏற்றபோது அச்சொல்லில் வாசிப்பு நேரம் கூடியது. 'அரியை இரவியைப் புத்தகத்தை' எனத் தமிழில் மூன்று ஐகாரம் அடுக்கி வருவதை ஒப்பிட்டுக் காணலாம்.

எதிர்பாராத முடிவு ஒன்றும் கிடைத்தது. இறுதிப் பெயருக்கும் முதல் வினைக்கும் இடையே ஒரு வினையடையைச் சேர்த்து இடைவெளியை நீட்டியபோது, அவ்வினையின் வாசிப்பு மெதுவாகவில்லை, விரைந்தது. தொலைவே சுமை என்றால் இவ்வாறு நிகழக்கூடாது. இனி வினை வரப்போகிறது என்று மனம் முன்கூட்டியே அணியமாகிறது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம். நினைவு, எத்தனை பெயர்களைக் கொள்ளும் என்று அளந்து வைத்த பெட்டி அன்று. ஒத்த உருவுடையவை ஒன்றையொன்று மறைக்கும் இடம் அது என்னும் கருத்தை இலூயிசும் வசிஷ்டும் 2005-இல் விரிவான மாதிரியாக அமைத்தனர்.

முன்கணிப்புக்கும் எல்லை உண்டு. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சமர் உசைன், அபூர்வா என்பவருடன் இணைந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பெயர்களை மட்டும் தந்து தொடரை முடிக்குமாறு இந்தி பேசுவோரிடம் கேட்கப்பட்டது. அவர்கள் தந்த முடிபுகளுள் இலக்கணம் பிழைத்தவையும் இருந்தன. தாய்மொழியிலேயே வினையின் கணக்குத் தவறுகிறது. முன்னர்க் காட்டிய முதல் தொடரில் 'என்று எண்ணினான்' என்பதை நீக்கிச் சக ஆய்வாளர் ஒருவரிடம் தந்தால், குறையை அவர் உணர்கிறாரா என்பதை எவரும் சோதித்துக்கொள்ளலாம்.

எழுவாய்களையும் வினைகளையும் தனித்தனியே நிறுத்தி இணைப்பது தமிழ் மரபுக்குப் புதிதன்று. நன்னூலார் நிரல்நிறையை முறையினும் எதிரினும் வரும் என இருவகைப்படுத்தினார். முறையே வருவதில் முதற்பெயர் முதல்வினையைக் கொள்ளும்; எதிரில் இறுதிப்பெயர் முதல்வினையைக் கொள்ளும். நடுப்பொதிவின் இணைப்பு முழுவதும் எதிர்நிரல்நிறையே. நிரல்நிறையில் தொடருள் தொடர் பொதிவதில்லை என்ற வேறுபாட்டை மறத்தலாகாது. ஆனால் தேடலின் திசை ஒன்றே. டச்சு மொழியில் இத்தகைய இணைப்பு முறையாகவும், செருமானியத்தில் எதிராகவும் அமைகிறது. 1986-இல் பாக் முதலியோர் இரண்டையும் ஒப்பிட்டு, அடுக்கு மிகும்போது டச்சு அமைப்பே எளிது எனக் கண்டனர்.

இனி மெய்யியல் வினா. சாம்சுகியும் மில்லரும் 1963-இல் தந்த விடை பெருக்கலை ஒத்தது: பெருக்கத் தெரிந்தவர் பேரெண்களை மனத்தால் பெருக்க இயலாது, தாளும் எழுதுகோலும் தந்தால் இயலும், ஆகவே குறை அறிவில் இல்லை, கருவியில் உள்ளது. நடுப்பொதிவுத் தொடரையும் தாளில் பிரித்தெழுதினால் பொருள் காணலாம் என்பது இதற்கு வலுச் சேர்க்கிறது. மறுப்பும் எளிதில் தள்ளத்தக்கதன்று. பிரெடு கார்ல்சன் 2007-இல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் எழுத்துச் சான்றுகளைத் திரட்டியபோது, நடுப்பொதிவு மூன்று அடுக்கைத் தாண்டியதாகக் காணவில்லை; பேச்சில் அது இன்னும் குறைவு. யாரும் பேசாத, எழுதாத தொடர்களை ஒரு மொழியின் தொடர்கள் எனக் கொள்ளும்போது, 'முடிவின்மை' என்பது மக்களின் வழக்கைப் பற்றிய செய்தியாகாமல், விதியை எழுதிய முறையைப் பற்றிய செய்தியாகிவிடுகிறது. கார்ல்சன் இதனை வழக்கு சார்ந்த வரம்பாகவே கருதினார்.

நன்னூலார் நூலின் பத்துக் குற்றங்களை எண்ணுகையில் 'வழூஉச்சொற் புணர்த்தல்' என்பதையும் 'மயங்க வைத்தல்' என்பதையும் வேறுவேறாக வைத்தார். முன்னது சொல்லின் வழு. பின்னது, வழுவின்றியே கற்பவரை ஐயுறச் செய்வது. இப்பகுப்பின்படி முதலில் காட்டிய தொடர் வழுவுடையதன்று, குற்றமுடையது. குற்றம் தொடருக்குரியதா, தொடுத்தவருக்குரியதா என்றால் தொடுத்தவருக்கே உரியது எனல் வேண்டும். அதே பொருளை அதே சொற்களால் விளங்கச் சொல்லும் வழி தமிழில் அவர் கைவசம் இருந்தது. 'இரவியைப் புத்தகம் வாங்கச் சொல்லும்படி அரியிடம் சீதை சொன்னாள்' என உருபை வேறுபடுத்தி, உள்தொடரை முன்னே கொணர்ந்தால் போதும்.

ஆய்வுரைகளில் இக்குற்றம் அரிதன்று. எழுவாயை முதலில் நிறுத்தி, மேற்கோளும் அம்மேற்கோளுக்குள் பிறர் கருத்தும் பொதிந்து, அரைப்பக்கம் கடந்து பயனிலை தரும் தொடர்கள் புலமையின் அடையாளமாகவே எண்ணப்பட்டுவிட்டன. அங்கே சுமக்கப்படுவது பொருளின் அருமை அன்று, காத்திருக்கும் எழுவாய்களின் கூட்டமே.